தூக்கிய சுமையுடன் திரும்பும்போது ஃபோர்க்லிஃப்ட் ஏன் கவிழ்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வண்டி 2.5 டன் தூக்கும். ஏற்றியிருந்ததோ ஒரே ஒரு ரப்பர் பேலட். பிறகு எப்படி ஐயா கவிழ்ந்தது?

மலேசியாவின் பாடாங் செராய் வட்டாரத்தில் ரப்பர் கிடங்குகளில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். நானும் அப்படி ஒரு கிடங்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். என் கண்ணெதிரே ஒரு வண்டி சாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். கிடங்கின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்தது எப்படி என்பதுதான் தேவை.

ஓட்டுநர் மூன்று மீட்டர் உயரத் தட்டில் பேலட்டை வைக்கப் போனார். இடம் சரியாக அமையவில்லை. பின்னால் எடுத்தார். சுமையை இறக்காமலேயே, அடுத்த வரிசைக்குப் போக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வேகம் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. வேகமாக நடப்பவர் வண்டியோடு கூடவே வந்திருக்க முடியும்.

சுமையின் எடையைப் பார்ப்போம். ஒரு ரப்பர் கட்டி 35 கிலோ. பேலட்டுக்கு 36 கட்டிகள், ஆக 1,260 கிலோ. பேலட்டையும் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் திறனில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே இது சுமை மிகுந்து நடந்த விபத்து அல்ல. அந்த எடை எந்த உயரத்தில் இருந்தது, வண்டி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த ஒரு பேலட்டைச் சுற்றியே வரும்.

வண்டிக்கு நான்கு சக்கரங்கள். எல்லாரும் முக்கோணம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

வண்டியின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டும் ஓர் அச்சில் இருக்கும். அந்த அச்சு வண்டியின் உடலோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்காது. நடுவில் ஒரு முளையில் தொங்கி, தராசுக் கோல்போல இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது பின் சக்கரங்கள் அதைத் தடுப்பதில்லை. நடு முளை மட்டுமே பின்பக்கத்துத் தாங்கு புள்ளி.

எனவே வண்டி உண்மையில் மூன்று புள்ளிகளில் நிற்கிறது: இடது முன் சக்கரம், வலது முன் சக்கரம், பின் அச்சின் நடு முளை. இந்த மூன்றையும் கோட்டால் இணைத்தால் கிடைப்பதுதான் நிலைத்தன்மை முக்கோணம். முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் கூர்மையாகவும் இருக்கும்.

வண்டி, சுமை இரண்டின் எடையும் சேர்ந்து ஒரே புள்ளியில் குவிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், குண்டு முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன் கோட்டைத் தாண்டினால் மூக்குக் குப்புற விழும். பக்கக் கோட்டைத் தாண்டினால் பக்கவாட்டில் விழும். சாய்ந்துகொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் பின் அச்சு உடலில் முட்டி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் வண்டி விழும் வேகத்தைப் பிடித்திருக்கும். அப்படி முட்டி நிற்பதை நம்பி ஓட்டக் கூடாது.

வண்டியின் திறனைக் காட்டும் தகட்டில் 2500 என்றும் பக்கத்தில் 500 என்றும் போட்டிருக்கிறது. 500 என்பது என்ன அண்ணா?

ஃபோர்க்கின் செங்குத்துப் பக்கத்தில் சுமை போய் ஒட்டுகிறது அல்லவா? அங்கிருந்து சுமையின் ஈர்ப்பு மையம் வரையுள்ள தூரம்தான் அது; மில்லிமீட்டரில். அதைச் சுமை மையம் என்கிறோம். தகடு சொல்வது இதுதான்: சுமையின் நடு 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 2,500 கிலோ தூக்கலாம். நடு அதைவிடத் தள்ளிப் போனால் அந்த 2,500 உங்களுக்குக் கிடையாது.

தென்னங்கீற்றுக் கட்டை உடம்போடு அணைத்துத் தூக்குவதையும், கையை நீட்டித் தூக்குவதையும் நினைத்துப் பாருங்கள். எடை ஒன்றுதான். நெம்பும் நீளம்தான் வேறு. ஃபோர்க்லிஃப்டுக்கு முன் சக்கரத்தின் அச்சுதான் நெம்பும் இடம். அந்த அச்சிலிருந்து ஃபோர்க்கின் செங்குத்துப் பக்கம் வரையே ஏறக்குறைய 480 மில்லிமீட்டர் ஆகிவிடும். சுமை மையத்தை அதனோடு கூட்ட வேண்டும்.

ரப்பர் பேலட்டை எந்தப் பக்கமாக எடுத்தாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. நம் பேலட் ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர் அகலம், 1,425 மில்லிமீட்டர் நீளம். அகலம் ஃபோர்க்கின் வாக்கில் வரும்படி எடுத்தால் நடு 550-இல் இருக்கும். நீளம் ஃபோர்க்கின் வாக்கில் வந்தால் நடு 712-க்குப் போய்விடும். ரப்பர் கட்டிகள் சீராக அடுக்கப்பட்டவை என்பதால் பாதி நீளம் என்ற கணக்கு பொருந்துகிறது. ஒரு மூலையில் கனமான இயந்திரம் இருக்கும் மரப்பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இனிப் பெருக்கிப் பார்ப்போம். தகட்டின்படி 2,500 கிலோவை 480-உம் 500-உம் சேர்ந்த 980-ஆல் பெருக்கினால் 24,50,000 வருகிறது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட நெம்புதல் அவ்வளவுதான். நீளவாக்கில் எடுக்கும்போது தூரம் 480-உம் 712-உம் சேர்ந்து 1,192. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 2,050 கிலோ. பேலட்டைத் திருப்பிப் பிடித்ததாலேயே 450 கிலோ காணாமல் போய்விட்டது. தலைக்குள் ஒரு தோராயம் வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு. உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை அதன் தகடுதான் சொல்ல வேண்டும். உயரம் கூடினால் திறன் இன்னும் குறையும், அது இந்தப் பெருக்கலில் அடங்காது.

ஒரு பேலட் என்றால் எப்படி எடுத்தாலும் வரம்புக்குள்தான். இரண்டு பேலட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தடவையில் எடுக்கும் பழக்கம் லோரி காத்திருக்கும் நேரத்தில் பல கிடங்குகளில் உண்டு. அப்போது 2,600 கிலோ, நடு 550. நெம்புதல் 26,78,000; வரம்பைத் தாண்டிவிட்டது. வண்டி உடனே குப்புற விழாது. அதனால்தான் பழக்கம் தொடர்கிறது. ஆனால் வெறும் வண்டியில் 2,200 கிலோ அழுத்திக்கொண்டிருந்த பின் சக்கரங்களில் இப்போது சுமார் 530 கிலோதான் மிச்சம். ஸ்டியரிங் திடீரென்று இலகுவாகிவிடும். கை அதை உணரும். உணர்ந்தால் அந்த இடத்திலேயே சுமையை இறக்குங்கள். இந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் மேலே கிளம்பிவிடும்.

தகட்டில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், அது அந்த வண்டியின் தகடுதானா என்று பாருங்கள். தகட்டில் உள்ள வரிசை எண்ணும் வண்டியின் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் இடங்களில், ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்பக்கத் தூணான மாஸ்டை மாற்றியிருப்பார்கள், தகட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். அடுத்து, எந்த உயரம்வரை அந்தத் திறன் என்று பாருங்கள். 3 மீட்டருக்கு ஓர் எண்ணும் 4.5 மீட்டருக்கு அதைவிடக் குறைந்த எண்ணும் இருக்கலாம். பிறகு துணைக்கருவி. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் கருவியோ சுமையைக் கவ்விப் பிடிக்கும் கருவியோ பொருத்தினால் அதன் எடையும் சேர்கிறது, சுமையும் முன்னே தள்ளப்படுகிறது. அந்தக் கருவியின் பெயரோடு குறைக்கப்பட்ட திறனைக் காட்டும் தகடு வேண்டும்.

தகடு தேய்ந்து எண்கள் தெரியவில்லை என்றால் ஞாபகத்திலிருந்து ஓட்டாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பாதுகாப்பான இயந்திரத்தைக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

தகட்டின் வரம்புக்குள் இருந்தால் சுமையைத் தூக்கியபடியே திரும்பலாம் அல்லவா?

இல்லை. பிள்ளைகள் ஏமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தகட்டிலுள்ள எண், சமதளத்தில், மாஸ்ட் செங்குத்தாக, வண்டி அடுக்கும் வேலையைச் செய்யும்போது பொருந்தும் எண். ஃபோர்க்லிஃப்டுகளின் நிலைத்தன்மையைச் சோதிக்கும் உலகத் தரம் ஐஎஸ்ஓ 22915. அதில் வண்டியை ஒரு சாய்மேடையில் நிறுத்தி, முழுச் சுமையையும் உச்சிக்கு உயர்த்தி, மேடையைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். 5 டன்னுக்கும் குறைந்த வண்டி எவ்வளவு சாய்வைத் தாங்கினால் தேறிவிடும் தெரியுமா? 100-க்கு 6. அவ்வளவுதான். வண்டி ஓடித் திரும்பும்போது ஏற்படும் பக்க விசையும் இப்படிச் சாய்ப்பதற்குச் சமம். இரண்டு மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்த 100-க்கு 6 வந்துவிடுகிறது. அது சாதாரண நடை வேகம்.

இனி நம் பேலட்டுக்கு வருவோம். அது முழுச் சுமை இல்லை, உச்சி உயரமும் இல்லை. ஆகவே கொஞ்சம் தாராளம் உண்டு. வண்டி 3,700 கிலோ, சுமை 1,300, மொத்தம் 5,000. முன் சக்கரங்களின் இடைவெளி 97 சென்டிமீட்டர், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், ஈர்ப்பு மையத்திலிருந்து முக்கோணத்தின் பக்கக் கோடு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சுமையைத் தூக்கினாலும் இறக்கினாலும் இந்த 34 மாறுவதில்லை. மாறுவது உயரம். ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது ஈர்ப்பு மையம் சுமார் 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஃபோர்க்கை மூன்று மீட்டருக்கு உயர்த்தினால் அது 134 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது.

34-ஐ 60-ஆல் வகுத்தால் 0.57. அதாவது, வண்டி எடையின் 57 விழுக்காட்டு விசை பக்கவாட்டில் தள்ளினால்தான் விழும். 34-ஐ 134-ஆல் வகுத்தால் 0.25. கால் பங்கு விசையே போதும். அதே வண்டி, அதே பேலட், அதே ஓட்டுநர்.

அந்தப் பக்க விசை எங்கிருந்து வருகிறது? பஸ் வளைவில் திரும்பும்போது உங்களை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அதேதான். இடப்பக்கம் திரும்பினால் சுமை வலப்பக்கம் போகப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தால் திரும்புவதால் காரைவிட மிகக் குறுகிய இடத்தில் ஒடிக்க முடிகிறது. ஆரம் பாதியானால் விசை இரட்டிப்பாகும். இரண்டு மீட்டர் ஆரத்தில், சுமை தாழ்வாக இருக்கும்போது கவிழும் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். உயர்த்தியிருக்கும்போது 8.

எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அவர் போகவில்லையே. பிறகு ஏன் விழுந்தது?

எட்டு என்பது சமதளத்துக்கு, சுமை சரியாக நடுவில் இருப்பதற்கு, டயர்கள் இரண்டும் ஒரே கடினத்தில் இருப்பதற்கு. நம் கிடங்குகள் அப்படி இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, கதவுப் பக்கத்துச் சிமெண்ட் தரை சாக்கடையை நோக்கிச் சற்றுச் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். 100-க்கு 3 சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 134 சென்டிமீட்டர் உயரத்திலிருக்கும் ஈர்ப்பு மையத்தை அது 4 சென்டிமீட்டர் நகர்த்திவிடும். 34 இப்போது 30. பேலட்டை நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி எடுத்திருந்தால் இன்னும் 2.6 போகும். ஒரு பக்க முன் டயர் காற்றுக் குறைந்தோ தேய்ந்தோ 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மேலும் 2.8 போகும். இந்த மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் மிச்சம் 25 சென்டிமீட்டருக்கும் குறைவு. கவிழும் வேகம் 7-க்குக் கீழே வந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. மாஸ்டின் தண்டுகளுக்கு இடையே தேய்மானத்தால் ஆட்டம் இருக்கும். ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினால் சுமை மெல்லச் சாயும். வெட்டித் திருப்பினால் மேலே இருக்கும் 1,300 கிலோ ஊஞ்சல்போல வீசி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். அந்த ஒரு வீச்சில் பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டால் முடிந்தது. நான் பார்த்த விபத்தில் தரைச் சாய்வும் வெட்டித் திருப்பியதும் சேர்ந்துகொண்டன. மறுநாள் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வண்டி விழுந்த திசையிலேயே தண்ணீர் ஓடியது.

உங்கள் கிடங்கிலும் அப்படி ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓடும் இடங்களில் சுமையைத் தூக்கி அடுக்க வேண்டாம் என்று தரையில் கோடு போட்டுக் கேளுங்கள்.

சுமை இல்லாத வண்டியை வேகமாக ஓட்டினால் ஆபத்தில்லைதானே அண்ணா?

இதற்குத்தான் பலர் தவறான பதிலை நம்பியிருக்கிறார்கள். சுமை இல்லாதபோது ஈர்ப்பு மையம் பின்னே, எதிர்எடையின் பக்கமாகப் போய்விடும். முக்கோணம் அங்கே குறுகல். நம் வண்டியில் பக்கக் கோடு 19 சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்துவிடுகிறது. உயரம் 55. வகுத்தால் 0.35. தாழ்வாகச் சுமை ஏற்றிய வண்டியின் 0.57-ஐவிட இது மிகக் குறைவு. இரண்டு மீட்டர் ஆரத்தில் 9 கிலோமீட்டர் வேகத்திலேயே விழலாம். வெறும் வண்டியோ 18 கிலோமீட்டர் வரை ஓடும். சாப்பாட்டு நேரத்துக்கு வண்டியை நிறுத்தப் போகும் அவசரத்தில் மூலையில் ஒடிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உயரத்தில் வைக்க வேண்டிய சுமையை எப்படித்தான் கொண்டுபோவது?

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், மாஸ்ட் சற்றுப் பின்சாய்வு. தட்டுக்கு நேராக வண்டியைத் திருப்பி முடித்து, நின்று, மாஸ்டைச் செங்குத்தாக்கி, பிறகுதான் தூக்குவது. தூக்கிய பிறகு வண்டி போக வேண்டியது நேராக முன்னே, தட்டின் ஆழம் அளவுக்கு மட்டுமே. இடம் சரியாக அமையவில்லையா? நேராகப் பின்னே வந்து, சுமையை முழுக்க இறக்கி, மறுபடி நேர்ப்படுத்தித் தூக்குங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்று அந்த ஒரு நிமிடம்தான் மிச்சப்படுத்தப்பட்டது.

மேலே இருக்கும்போது மாஸ்டை அதிகமாகப் பின்னே சாய்ப்பதும் நல்லதல்ல. சுமை முக்கோணத்தின் குறுகிய பகுதியை நோக்கி வருகிறது. முன்னே சாய்ப்பது, சுமை தட்டுக்கு மேலே வந்த பிறகு மட்டும்.

பின்னால் இரண்டு பேர் ஏறி நின்றால் எடை கூடும் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. முன்னே குப்புறுவதற்கு எதிராகக் கொஞ்சம் எடை சேரும். ஆனால் ஈர்ப்பு மையம் குறுகிய பக்கம் நகர்வதால் பக்கவாட்டில் விழுவது எளிதாகும். விழும்போது அவர்கள் இருவரும் வண்டிக்கடியில் இருப்பார்கள். ஆள் ஏறித்தான் தூக்க முடியும் என்றால் சுமை அந்த வண்டிக்கு உரியதல்ல.

சாயத் தொடங்கிவிட்டால் குதித்துவிடலாமா?

உட்கார்ந்து ஓட்டும் வண்டியிலிருந்து குதிக்காதீர்கள். குதிப்பவர் பெரும்பாலும் வண்டி விழும் பக்கமே குதிக்கிறார். உடல் அந்தப் பக்கம்தானே ஏற்கெனவே சரிந்திருக்கிறது. வண்டி விழும் வேகம் மனிதன் ஓடித் தப்பும் வேகத்தைவிட அதிகம். தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூரையின் விளிம்பு அவர்மேல் வந்து விழும். உங்களைக் காக்க வைத்த கூரையே வெளியே இருப்பவரை நசுக்குகிறது.

இருக்கையிலேயே இருங்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். கால்களைத் தரைத்தட்டில் ஊன்றுங்கள். வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாயுங்கள். இவையெல்லாம் இருக்கைப் பட்டை போட்டிருந்தால்தான் முடியும். பட்டை இல்லாமல் அந்த நேரத்தில் இருக்கையில் தங்க எந்தக் கை பலமும் போதாது. நின்று ஓட்டும் வண்டிக்கு இது பொருந்தாது. பின்பக்கம் திறந்திருக்கும் அந்த வகையில், பின்னோக்கி இறங்கி விலகச் சொல்லித்தான் பயிற்சி தருகிறார்கள்.

அன்று சாய்ந்த வண்டியின் ஓட்டுநர் பட்டை போட்டிருந்தார். கூரையின் தூண் வளைந்திருந்தது, மாஸ்ட் திருகியிருந்தது, 36 கட்டிகளும் தரையில் சிதறிக் கிடந்தன. அவர் பட்டையை அவிழ்த்துக்கொண்டு, மேல்பக்கமாக இருந்த இடது வாயில் வழியே ஏறி வெளியே வந்தார்.